ஜெர்மன் வணிகக் கடிதத்தின் தலையும் காலும்

ஜெர்மன் வணிகக் கடிதம் ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தால் கவனம் முழுவதும் நடுப்பகுதிக்குப் போய்விடுகிறது. விலை, கெடு, அபராதம் என்று கனமான சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. சிக்கல் வருவதோ தலையிலும் காலிலும். மேலே நிறுவனத்தின் பெயர், கீழே இரண்டு கையெழுத்து, அதற்கும் கீழே பொடியெழுத்தில் நாலைந்து வரி. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் சுருக்கங்கள்தான். இதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சுருக்கத்தைத் தேடிப்பிடித்து நிரப்புபவர்களும் உண்டு. இரண்டாவது வகையில்தான் சேதம் அதிகம்.

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கடிதத்தின் அடிப்பகுதி. மாதிரி என்பதற்கு ஜெர்மனில் முஸ்டர், எடுத்துக்காட்டு என்பதற்கு பைஷ்பீல். படிவங்களில் நிரப்பிக் காட்டும் பொய்ப்பெயர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களிலிருந்துதான் வரும். இங்கேயும் அப்படியே.

```
Muster Maschinenbau GmbH & Co. KG

ppa. Max Beispiel       i. V. Erika Beispiel
Leiter Vertrieb         Referentin Recht

Sitz: Musterstadt, Amtsgericht Musterstadt, HRA 1234
Persönlich haftende Gesellschafterin:
Muster Verwaltungs-GmbH
Sitz: Musterstadt, Amtsgericht Musterstadt, HRB 5678
Geschäftsführer: Paul Muster (Vors.), Anna Muster
```

இந்த எட்டு வரிகளை முதலில் ஆங்கிலத்துக்கும் பிறகு தமிழுக்கும் கொண்டுபோகும்போது என்னென்ன இடறும் என்பதை வரிவரியாகப் பார்க்கலாம்.

பெயரை வலமிருந்து படிக்க வேண்டும்

நிறுவனத்தின் பெயரில் கண்ணில் முதலில் படுவது GmbH. பங்குதாரர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்பது அதன் பொருள். அதைப் பார்த்ததும் இது ஒரு GmbH என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் இந்த நிறுவனத்தின் வடிவம் கடைசியில் இருக்கும் KG. அது ஒரு கூட்டாண்மை. அதில் இரண்டு வகைக் கூட்டாளிகள் இருப்பார்கள். ஒருவர் தம் சொத்து முழுவதையும் பிணையாக வைத்து நிற்பவர். மற்றவர்கள் பதிவேட்டில் குறித்த தொகை வரை மட்டுமே பொறுப்பேற்பவர்கள். முழுப் பொறுப்பையும் சுமக்கும் அந்தக் கூட்டாளியின் இடத்தில் ஒரு மனிதருக்குப் பதிலாக ஒரு GmbH-ஐ நிறுத்தி வைத்தால் அதுதான் GmbH & Co. KG. ஆக, பெயரின் நடுவில் வரும் GmbH இந்த நிறுவனத்தைக் குறிக்கவில்லை. அதன் கூட்டாளி யார் என்பதைச் சொல்கிறது.

இதை ஆங்கிலத்தில் கோ லிமிடெட் என்று எழுதினால் இல்லாத ஒரு நிறுவனம் பிறந்துவிடும். எல்எல்பி என்று எழுதுவது இந்தியாவில் இன்னும் சிக்கல். இங்கே அது 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவாகும் தனி வகை. அதில் கூட்டாளிகள் அனைவருக்கும் பொறுப்பு வரையறை உண்டு. ஜெர்மன் KG-யில் ஒருவருக்கு அது கிடையாது. வெறும் GmbH-ஐ பிரைவேட் லிமிடெட் என்று எழுதுவதும் இதே ரகம்தான். ஒப்பந்தத்தில் அப்படி எழுதப்பட்ட பெயரை எந்தப் பதிவேட்டில் தேடினாலும் கிடைக்காது. வங்கிக் கடனுறுதிக் கடிதத்தின் கீழ் ஆவணங்களைச் சரிபார்ப்பவர் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். சரக்குச் சீட்டில் GmbH, மொழிபெயர்ப்பில் லிமிடெட் என்றிருந்தால் அவர் பேனா அங்கேயே நின்றுவிடும்.

அதனால் நிறுவன வடிவம் பெயரின் உறுப்பு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளி, இடைவெளி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட அப்படியே நகல் எடுத்து ஒட்டுவது ஒன்றே வழி. கையால் தட்டச்சு செய்யவே வேண்டாம். வாசகருக்கு விளக்கம் தேவைப்பட்டால் ஆவணத்தில் அந்தப் பெயர் முதன்முதலாக வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு போதும். தமிழில் இப்படி எழுதலாம்: “ஜெர்மன் சட்டப்படி அமைந்த கூட்டாண்மை. இதன் முழுப் பொறுப்புடைய கூட்டாளி பொறுப்பு வரையறுக்கப்பட்ட ஒரு நிறுவனம்.” அடுத்தடுத்த இடங்களில் விளக்கம் வேண்டாம், பெயர் மட்டும் போதும்.

பெயருக்குள் இருக்கும் மஷீனன்பாவ் என்பது இயந்திரக் கட்டுமானம் என்று பொருள்படும். அதையும் மொழிபெயர்க்கக் கூடாது. கீழே இரண்டாவது நிறுவனத்தின் பெயரில் வரும் ஃபெர்வால்டுங்ஸ் என்பதற்கு நிர்வாகம் என்று பொருள். அதை அட்மினிஸ்ட்ரேஷன் என்று எழுதிவிட்டு இந்த நிறுவனம் மற்றதை நிர்வகிக்கிறது என்று ஒரு கதையையும் சேர்த்துவிடுவார்கள். KG-க்குக் கூட்டாளியாக நிற்பதற்கென்றே தொடங்கப்படும் GmbH-களுக்கு வழக்கமாக வைக்கும் பெயர் அது, அவ்வளவே.

ஒட்டிக்கொண்டு வரும் பொடி எழுத்துகள்

GmbH-க்குப் பின்னால் i. G. என்று இரண்டு எழுத்து இருந்தால் அந்த நிறுவனம் இன்னும் பதிவாகவில்லை, உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பதிவுக்கு முன் அதன் பெயரில் செயல்படுபவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி என்று GmbH சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. i. L. என்று இருந்தால் நிறுவனம் கலைப்பில் இருக்கிறது. இந்த இரண்டையும் அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிடும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். நீக்கினால், கடையை மூடிக்கொண்டிருக்கும் நிறுவனம் நன்றாக நடக்கும் நிறுவனமாகக் காட்சி தரும். இவற்றை மட்டும் அப்படியே விடுவது போதாது. பெயரோடு வைத்துக்கொண்டு, அடிக்குறிப்பில் “பதிவு நிலுவையில்” அல்லது “கலைப்பில்” என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

UG என்பது GmbH-இன் தம்பி. GmbH தொடங்கக் குறைந்தது 25,000 யூரோ பங்கு மூலதனம் வேண்டும். UG-ஐ 1 யூரோவிலும் தொடங்கலாம். 2008 நவம்பரிலிருந்து இந்த வடிவம் உண்டு. மூலதனம் இவ்வளவு குறைவு என்பதால், UG என்று எழுதியதோடு நிற்காமல் பக்கத்தில் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்னும் சொல்லையும் முழுதாக எழுத வேண்டும் என்பது சட்டம். UG (haftungsbeschränkt) என்றுதான் பெயர் இருக்கும். அடைப்புக்குறி இருப்பதால் அது யாரோ சேர்த்த விளக்கம் என்று தோன்றும். இல்லை, அதுவும் பெயரே.

இன்னொரு கண்ணி mbH. நிறுவனம் என்று பொருள்படும் “கெஸெல்ஷாஃப்ட்” என்ற சொல் பெயருக்குள்ளேயே முழுதாக வந்துவிட்டால், சுருக்கத்தில் மறுபடி G எழுத மாட்டார்கள். வெறும் mbH மட்டும் கடைசியில் நிற்கும். G விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துச் சேர்த்துவிடாதீர்கள்.

சில சமயம் சுருக்கம் நிறுவன வடிவமாகவே இருக்காது. AG என்பது பங்கு நிறுவனம். ஆனால் வேலை ஒப்பந்தத்தில் AG, AN என்று ஜோடியாக வந்தால் AG முதலாளி, AN தொழிலாளி. கட்டுமான ஒப்பந்தத்தில் அதே ஜோடி வந்தால் AG வேலையை ஒப்படைப்பவர், AN எடுத்துச் செய்பவர். கட்டட வரைபடத்தில் KG அடித்தளம், UG-யும் தரைக்குக் கீழுள்ள தளம்தான். பெயருக்குப் பின்னால் ஒட்டாமல் தனியாக நிற்கும் AG-ஐக் கண்டால் பக்கத்தில் AN இருக்கிறதா என்று தேடிவிட்டே கைவைக்க வேண்டும்.

அந்தக் கூட்டாளி பெண் இல்லை

மாதிரியில் பொடியெழுத்து வரிகளில் “கெஸெல்ஷாஃப்டரின்” என்று இருக்கிறது. கடைசியில் வரும் “இன்” பெண்பால் விகுதி. அதைப் பார்த்து, முழுப் பொறுப்பேற்கும் பெண் கூட்டாளி என்று எழுதியவர்கள் உண்டு. ஜெர்மனில் GmbH என்ற சொல்லே பெண்பால். அதனால் அந்த நிறுவனம் கூட்டாளியாக வரும்போது சொல்லும் பெண்பாலாகிவிடுகிறது. அடுத்த வரியில் இருப்பது ஒரு நிறுவனத்தின் பெயர், ஆளின் பெயரல்ல. தமிழில் “முழுப் பொறுப்புடைய கூட்டாளி” என்று எழுதினால் பால் பிரச்சினையே எழாது.

இதே சொல்லில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. KG-யில் கெஸெல்ஷாஃப்டர் என்றால் கூட்டாளி. GmbH-இல் அதே சொல் பங்குதாரரைக் குறிக்கும். எந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் சொல்வங்கியில் ஒரே பொருளைப் பூட்டி வைத்தால் ஆவணம் முழுவதும் தப்பாகப் போகும்.

HRA, HRB என்ற எழுத்துகள் வணிகப் பதிவேட்டின் இரு பிரிவுகள். தனி வணிகர்களும் கூட்டாண்மைகளும் A பிரிவில், GmbH, AG போன்றவை B பிரிவில். நம் மாதிரியில் KG-க்கு HRA, அதன் கூட்டாளிக்கு HRB. கடிதத்தைச் சோதித்துப் பார்க்க இது நல்ல உரைகல். பெயர் KG என்று முடிந்து எண் HRB என்று இருந்தால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் நகல் எடுக்கும்போது வரி தப்பியிருக்கும். எண்ணோடு நீதிமன்றத்தின் ஊரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒரே எண் வேறு ஊர் நீதிமன்றத்தில் வேறு நிறுவனத்துக்கு இருக்கலாம். ஆம்ட்ஸ்கெரிஷ்ட் என்பதைத் தமிழில் “பதிவு நீதிமன்றம், முஸ்டர்ஷ்டாட்” என்று எழுதலாம். மாவட்ட நீதிமன்றம் என்றால் நம் வாசகருக்கு வேறு அடுக்கு நினைவுக்கு வரும்.

சந்தேகம் வந்தால் handelsregister.de தளத்தில் பார்த்துவிடலாம். 2022 ஆகஸ்டிலிருந்து பதிவேட்டு விவரங்களைக் கட்டணமின்றி எடுக்கலாம். பெயர் அல்லது எண்ணைக் கொடுத்துத் தேடினால் வரும் வரிசையில் AD என்ற இணைப்புதான் இப்போதைய நிலவரம். நிறுவனத்தின் சரியான எழுத்துக்கூட்டு, இயக்குபவர்கள், யாருக்குக் கையெழுத்து அதிகாரம் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு நிறுவனத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒப்பந்த வேலை என்றால் அந்த ஐந்து நிமிடத்தைச் சேர்த்தே கூலி பேசுங்கள்.

இயக்குபவர் யார்

GmbH-ஐ நடத்துபவர் கெஷெஃப்ட்ஸ்ஃபியூரர். ஆங்கிலத்தில் மேனேஜிங் டைரக்டர் என்பது நிலைத்துவிட்ட வழக்கு, அதையே எழுதலாம். ஆனால் ஒரு GmbH-க்கு மூன்று கெஷெஃப்ட்ஸ்ஃபியூரர்கள் இருக்கலாம். மேனேஜிங் டைரக்டர் என்றால் உச்சியில் இருக்கும் ஒரே ஆள் என்று இந்திய வாசகர் நினைப்பார். பன்மையை விடாமல் எழுதினால்தான் அந்த எண்ணம் கலையும். மாதிரியில் ஒரு பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் Vors. என்று இருக்கிறது. அவர் இயக்குபவர்கள் குழுவின் தலைவர். அதைச் சேர்மன் என்று மட்டும் எழுதினால் இயக்குநர் அவையின் தலைவர் என்ற இந்தியப் பொருள் வந்துவிடும். “நிர்வாக இயக்குநர்கள் குழுவின் தலைவர்” என்று நீட்டித்தான் ஆகவேண்டும்.

துணை என்ற அடைமொழியோடு வரும் கெஷெஃப்ட்ஸ்ஃபியூரரிடம் கூடுதல் கவனம் வேண்டும். பெயரில்தான் துணை. GmbH சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி நிறுவனத்தை வெளியார்முன் பிரதிநிதிப்பதில் அவருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே விதிகள்தான். உதவி இயக்குநர் என்று தமிழில் எழுதினால் சினிமாக்காரராகவும் ஆகிவிடுவார், அதிகாரமும் போய்விடும். துணை நிர்வாக இயக்குநர் என்று எழுதி, தேவைப்பட்டால் குறிப்பு சேர்க்கலாம்.

இதற்கு நேர் எதிர் டிரெக்டோர் என்ற ஜெர்மன் சொல். பார்க்க டைரக்டர் போலவே இருக்கிறது. ஆனால் ஜெர்மன் GmbH-இல் அது சட்டம் தரும் பதவி அல்ல. நிறுவனம் தன் ஊழியருக்கு அளிக்கும் மரியாதைத் தரம், வங்கிகளில் அதிகம் காணலாம். அதை இயக்குநர் என்று எழுதினால் நிறுவனத்தையே கட்டுப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இருப்பதாக இந்தியாவில் புரிந்துகொள்வார்கள். துறைத் தலைவர் அல்லது மூத்த மேலாளர் என்பது பொருந்தும். எது என்று வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதுவது நல்லது.

AG-யில் அமைப்பே வேறு. அன்றாடம் நடத்துவது ஃபோர்ஷ்டாண்ட் என்ற மேலாண்மைக் குழு. அதைக் கண்காணிப்பது ஆஃப்ஸிஷ்ட்ஸ்ராட் என்ற மேற்பார்வைக் குழு. ஒரே ஆள் இரண்டிலும் இருக்க முடியாது. இந்த இரண்டையும் போர்ட் ஆஃப் டைரக்டர்ஸ் என்று ஒரே தொட்டிக்குள் கொட்டிவிடுவது மிகப் பரவலான பிழை. இன்னொன்று, ஃபோர்ஷ்டாண்ட் என்ற சொல் குழுவையும் குறிக்கும், அதன் ஓர் உறுப்பினரையும் குறிக்கும். ஒருவரின் பெயருக்குக் கீழே அந்தச் சொல் மட்டும் இருந்தால் “மேலாண்மைக் குழு உறுப்பினர்” என்று எழுத வேண்டும்.

எல்லை தாண்டினால் அதே AG-க்கு வேறு உறுப்புகள். சுவிட்சர்லாந்தின் AG-யில் இருப்பது ஃபெர்வால்டுங்ஸ்ராட் என்ற ஒரே அவை. அதுதான் நம்மூர் இயக்குநர் குழுவுக்கு நெருக்கமானது. நிர்வாக சபை என்று சொல்லுக்குச் சொல் போட்டால் ஏதோ அரசு அலுவலகம் போல ஒலிக்கும். ஆகவே நிறுவனத்தின் ஊரைப் பார்த்த பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது யார் படிக்கப் போகிறார்கள் என்ற கேள்வி உடனே வந்துவிடும். தமிழ்நாட்டு வாசகருக்கு நிர்வாக இயக்குநர், மேலாளர், நிறுவனம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இந்த ஆவணங்களைத் தமிழில் கேட்பவர்களில் பலர் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு முகாமைத்துவப் பணிப்பாளர், முகாமையாளர், கம்பனி என்பவைதான் பழகிய சொற்கள். இயக்குநர் என்றால் படம் எடுப்பவரா என்று சிரிப்பார்கள். வேலை தொடங்குமுன் ஒரு வரி கேட்டுக்கொண்டு, ஓர் ஆவணத்தில் ஒரு வழக்கையே கடைசிவரை பிடித்துக்கொள்ள வேண்டும். பணிப்பாளரும் இயக்குநரும் ஒரே பக்கத்தில் கலந்து நின்றால் இரண்டு வேறு ஆட்கள் என்ற மயக்கம் வரும்.

கையெழுத்துக்கு முன்னால் இரண்டு எழுத்து

மாதிரிக் கடிதத்தில் மிக முக்கியமான சொல் ppa. என்பது. கையெழுத்திட்டவர் ப்ரோகூரிஸ்ட், அதாவது ப்ரோகூரா என்னும் அதிகாரம் பெற்றவர் என்று அது சொல்கிறது. அந்த அதிகாரத்தின் அளவை நிறுவனம் தன் விருப்பத்துக்கு வெட்டிச் சுருக்க முடியாது. சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. வணிகம் தொடர்பான ஏறக்குறைய எல்லாச் செயல்களும் அதில் அடங்கும். நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ மட்டும் தனி அனுமதி வேண்டும். ப்ரோகூரா வணிகப் பதிவேட்டில் பதிவாகும். அதனால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பக்கத்தில் இருக்கும் i. V. அதற்கு ஒரு படி கீழே. அதுவும் நிறுவனம் கொடுத்த அதிகாரம்தான். ஆனால் எவ்வளவு என்பது கொடுத்தவரைப் பொறுத்தது, பதிவேட்டில் வராது. அதற்கும் கீழே i. A. இருக்கிறது. ஒருவரின் பணிப்பின்பேரில் எழுதுகிறேன் என்ற அளவுதான் அதன் கனம்.

இப்போது ஆங்கிலத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ppa. என்பதைக் கண்டதும் ஆங்கிலக் கடிதங்களில் பழகிய p.p. நினைவுக்கு வரும். லத்தீன் வேர் ஒன்றுதான். ஆனால் ஆங்கில அலுவலகத்தில் p.p. போடுவது, அதிகாரி வெளியூர் போயிருக்கும்போது அவருக்காகக் கையெழுத்திடும் உதவியாளர். ஜெர்மனில் ppa. போடுபவர் நிறுவனத்தையே கட்டிப்போடும் அதிகாரம் உள்ளவர். p.p. என்று மாற்றினால் பெரிய அதிகாரி சிறிய உதவியாளராகிவிடுவார். அத்தரைஸ்டு சிக்னேட்டரி என்று எழுதுவது தப்பில்லை, ஆனால் i. V.-க்கும் அதையே போடுவார்கள். கடிதத்தில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது வேறுபாடு அழிந்துபோகும்.

ஆகவே சுருக்கத்தை அப்படியே வைத்து, கீழே குறிப்பு எழுதுவதே பாதுகாப்பு. மாதிரியின் ஆங்கில வடிவம் இப்படி அமையும்:

```
Muster Maschinenbau GmbH & Co. KG

ppa.* Max Beispiel      i. V.** Erika Beispiel
Head of Sales           Legal Officer

*  signs as Prokurist (statutory commercial
   authority, entered in the commercial register)
** signs under commercial authority that is
   not entered in the register
```

தமிழில் முதல் குறிப்பு “வணிகப் பதிவேட்டில் பதிவான ப்ரோகூரா அதிகாரத்தின்படி கையெழுத்து” என்றும், இரண்டாவது “நிறுவனம் அளித்த, பதிவேட்டில் இடம்பெறாத அதிகாரத்தின்படி கையெழுத்து” என்றும் வரும். ப்ரோகூராவை பவர் ஆஃப் அட்டர்னி என்றோ பொது அதிகாரப் பத்திரம் என்றோ எழுதினால், பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கும் தாள் ஒன்று எங்கே என்று வாசகர் தேடுவார்.

ஒரு கேள்வி இங்கே எழும். இரண்டு பேர் கையெழுத்து போதுமா? ப்ரோகூரா பெரும்பாலும் கூட்டாகத்தான் தரப்படும். இன்னொரு ப்ரோகூரிஸ்டுடனோ ஒரு கெஷெஃப்ட்ஸ்ஃபியூரருடனோ சேர்ந்தே கையெழுத்திடலாம் என்று பதிவேட்டில் இருக்கலாம். அப்படியானால் பக்கத்தில் இருக்கும் i. V. அந்தக் கணக்கில் சேராது. செல்லுமா செல்லாதா என்று தீர்ப்பளிப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையான எழுத்துகள் மொழிபெயர்ப்பில் உயிரோடு இருக்க வேண்டும்.

இது பெரிய நிறுவனங்களின் கவலை மட்டுமல்ல. ஜெர்மனியில் வேலை செய்யும் ஒருவருக்கு வேலைநீக்கக் கடிதம் வருகிறது, அதைத் தமிழில் விளக்கக் கேட்கிறார் என்று வையுங்கள். முகவர் ஒருவர் மூல அதிகாரச் சான்றை இணைக்காமல் இத்தகைய அறிவிப்பை அனுப்பினால், அதைக் காரணம் காட்டித் தாமதமின்றி நிராகரிக்கும் வழி உரிமையியல் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் இருக்கிறது. கையெழுத்திட்டவரின் ப்ரோகூரா பதிவேட்டில் இருந்தால் அந்த வழி பொதுவாக அடைபடும். i. V. அல்லது i. A. என்றால் வழக்கறிஞர் அந்தப் பக்கம் யோசிப்பார். வழக்குத் தொடுக்க மூன்றே வாரம்தான். தமிழ் வடிவத்தில் வெறுமனே “மேலாளர்” என்று மட்டும் இருந்தால், தமிழை மட்டும் படிப்பவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாது.

பெயருக்குக் கீழே இருக்கும் வேலை

கையெழுத்துக்குக் கீழே வரும் பதவிப் பெயர்களுக்குச் சட்டக் கனம் குறைவு. அதனால் இங்கே மொழிபெயர்க்கலாம், ஆனால் பட்டம் உயர்த்தவும் கூடாது, தாழ்த்தவும் கூடாது. லைட்டர் என்றால் தலைவர், ஃபெர்ட்ரீப் என்றால் விற்பனைப் பிரிவு. விற்பனைப் பிரிவுத் தலைவர் என்று எழுதலாம், விற்பனை இயக்குநர் என்று ஏற்றிவிட வேண்டாம். ரெஃபெரென்ட் என்பதைப் பார்த்து ரெஃபரி, ரெஃபரன்ஸ் என்று மனம் ஓடும். ஒரு பொருள் பற்றிய வேலையைத் தனியாகக் கவனிக்கும் அலுவலர் அவர். சட்டப் பிரிவில் இருப்பதால் வழக்கறிஞர் என்றும் முடிவு கட்டக் கூடாது. சட்ட அலுவலர் என்பது போதும். ஸாக்பெஆர்பைட்டர் என்ற பதவியைக் கிளார்க் என்று எழுதுவது பழைய வழக்கம். அது தாழ்த்துவதாகிவிடுகிறது. ஒரு கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பவர் அவர், “ஏற்றுமதி அலுவலர்” என்பதுபோல் அவர் பார்க்கும் வேலையைச் சேர்த்து எழுதினால் சரியாக அமையும்.

காவ்ஃப்மன் என்று முடியும் சொற்கள் இன்னொரு பொறி. இண்டஸ்ட்ரீகாவ்ஃப்மன் என்றால் தொழிலதிபர் இல்லை. வழக்கமாக மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சி முடித்துத் தேர்வெழுதிய அலுவலகப் பணியாளர். சுயவிவரத்தில் அதைத் தொழிலதிபர் என்று எழுதினால் நேர்காணலில் சங்கடம். வரி ஆலோசகர், தணிக்கையாளர் போன்ற பதவிகள் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற தொழிற்பெயர்கள். அவற்றைப் பட்டயக் கணக்காளர் என்று நம் பட்டமாக மாற்றக் கூடாது.

டாக்டர் பட்டத்தில் தமிழ் நமக்கு ஒரு வசதி தருகிறது, ஆய்வுப் பட்டம் பெற்றவருக்கு முனைவர் என்ற தனிச்சொல் இருக்கிறது. Dr.-Ing. என்றால் பொறியியல் முனைவர், Dr. med. என்றால் மருத்துவத் துறைப் பட்டம். வெறும் Dr. என்று மட்டும் இருந்தால் எந்தத் துறை என்று தெரியாது, டாக்டர் என்றே விடுங்கள். Dr. Dr. என்று இருமுறை வந்தால் அச்சுப்பிழை இல்லை, அவருக்கு இரண்டு பட்டம்.

கருவியும் விகுதியும்

மொழிபெயர்ப்பு மென்பொருள் புள்ளியைக் கண்டால் வாக்கியம் முடிந்தது என்று வெட்டும். Co. என்பதோடு ஒரு துண்டும் KG என்று அடுத்த துண்டும் ஆகிவிடும். வாக்கியப் பிரிப்பு விதிகளில் Co., ppa., Vors. ஆகியவற்றை விதிவிலக்காகச் சேர்த்துவிட்டே கோப்பைத் திறக்க வேண்டும். பிறகு சேர்த்தால் ஏற்கெனவே வெட்டுப்பட்ட கோப்பு சேராது, மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். இறுதி வடிவத்தில் & Co. KG, i. V. போன்றவற்றின் நடுவில் உடையாத இடைவெளி போட்டால் வரி மடியும்போது பிரியாது.

தமிழில் வேற்றுமை உருபு சேர்ப்பதும் தொல்லை. பதிவுபெற்ற தனி வணிகரைக் குறிக்கும் e. K. என்று புள்ளியோடு முடியும் பெயருக்குப் பின்னால் “-க்கு” ஒட்டினால் கண்ணை உறுத்தும், சில சமயம் யாராவது புள்ளியை எடுத்துவிடுவார்கள். பெயருக்குப் பின்னால் “நிறுவனம்” சேர்த்து, உருபை அந்தச் சொல்லில் ஏற்றிவிட்டால் பெயர் தொடப்படாமல் இருக்கும்: “Muster Maschinenbau GmbH & Co. KG நிறுவனத்துக்கு”.

கோப்பை ஒப்படைக்கும்முன் மூலத்திலும் மொழிபெயர்ப்பிலும் கீழுள்ள தேடலை ஓட்டி எண்ணிக்கையை ஒப்பிடலாம்.

```
\b(gGmbH|GmbH|mbH|KGaA|KG|AG|UG|SE)\b|\bppa\.|\bi\.\s?(V|A|G|Gr|L)\.|\be\.\s?[KV]\.
```

எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் முதலில் கையெழுத்துப் பகுதியைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் i. L. எங்கோ விழுந்திருக்கும். மூலத்தில் AG தனியாகப் பலமுறை வந்து மொழிபெயர்ப்பில் ஒருமுறைகூட இல்லையென்றால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் முதலாளி.